பில் திரும்பி வந்தால் வாடிக்கையாளர் பேரில் எழுத வேண்டியது எவ்வளவு?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டங்களுக்கு உரமும் களைக்கொல்லியும் விற்கும் கடையில் கணக்கு எழுதுகிறேன். செம்பனைத் தோட்டத்துக் காண்டிராக்டர் ஒருவர் 40,000 வெள்ளிக்கு எங்கள் பில்லில், அதாவது கெடு நாளில் பணம் தருவதாக ஏற்கும் மாற்றுச்சீட்டில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கெடு நவம்பர் 3. ஆகஸ்ட் 22ஆம் தேதி ஈப்போவில் உள்ள பேங்கில் அதை டிஸ்கவுண்ட் செய்து 39,400 வாங்கினோம். இப்போது பில் திரும்பிவிட்டது என்று சொல்லி எங்கள் கணக்கிலிருந்து 40,175 எடுத்துவிட்டார்கள். நாங்கள் வாங்கியதே 39,400தானே, எப்படி 40,175 எடுக்கலாம்? காண்டிராக்டர் பேரில் எவ்வளவு எழுதுவது? முதலாளி வேறு, "அந்த 600ஐயும் அவன் தலையிலேயே போடு" என்கிறார்.

பதில்:

காண்டிராக்டர் பேரில் 40,150 எழுதுங்கள். 39,400ம் இல்லை, 40,175ம் இல்லை, முதலாளி சொல்கிற 40,750ம் இல்லை. பேங்க் எடுத்த தொகை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். அவற்றைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த 600 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆகஸ்ட் 22லிருந்து நவம்பர் 3 வரை எண்ணினால் 73 நாள். 40,000க்கு ஆண்டுக்கு ஏழரை விழுக்காடு என்றால் 3,000. 73 நாள் என்பது 365இல் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே 600. உங்கள் பேங்க் ஏழரை விழுக்காட்டில் பிடித்திருக்கிறது. அந்த 600 கொடுத்து நீங்கள் வாங்கியது 73 நாள் முன்கூட்டியே பணம் கிடைக்கும் வசதி. அந்தப் பணத்தை உரக் கம்பெனிக்குக் கட்டியிருப்பீர்கள், சம்பளம் போட்டிருப்பீர்கள். அந்த வசதியை 73 நாளும் முழுதாக அனுபவித்தாகிவிட்டது. பில் திரும்பியதால் அது இல்லாமல் போகவில்லை. பேங்க் அந்த வட்டியைத் திருப்பித் தராததற்குக் காரணம் இதுதான். காண்டிராக்டரிடம் கேட்க முடியாததற்கும் இதே காரணம்தான். அவர் கையெழுத்துப் போட்டபோது நவம்பர் 3ஆம் தேதி 40,000 தருகிறேன் என்று மட்டுமே ஒப்புக்கொண்டார். அதுவரை பில்லை நீங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருக்கலாம், பேங்கில் கொடுத்துக் காசாக்கியிருக்கலாம். அது உங்கள் முடிவு, அதற்கான செலவும் உங்களுடையது. முதலாளியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: காண்டிராக்டர் கெடு அன்று ஒழுங்காகப் பணம் கட்டியிருந்தால் இந்த 600ஐ அவரிடம் கேட்டிருப்போமா? கேட்டிருக்க மாட்டோம். பில் திரும்பியதால் அந்தச் செலவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அடுத்தது, 39,400 கொடுத்துவிட்டு 40,000 எடுப்பது எப்படி நியாயம் என்பது. பில்லை டிஸ்கவுண்ட் செய்தபோது அதன் பின்புறம் உங்கள் கடை முத்திரையும் முதலாளியின் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். முன்புறத்தில் பில் எழுதியவர் என்ற இடத்திலும் முதலாளிதான் கையெழுத்திட்டிருப்பார். 1949ஆம் ஆண்டின் பில்ஸ் ஆஃப் எக்ஸ்சேஞ்ச் சட்டப்படி, பில் எழுதியவர் ஓர் உறுதி கொடுத்தவர் ஆகிறார். பில்லை ஏற்றவர், அதாவது காண்டிராக்டர், கெடு நாளில் கட்டாவிட்டால், பில்லை வைத்திருப்பவருக்கு நான் ஈடு செய்கிறேன் என்பதே அந்த உறுதி. பில்லை வைத்திருந்தது பேங்க். நவம்பர் 3ஆம் தேதி அதற்கு வரவேண்டியது 40,000. அது வராததால் உங்களிடம் எடுத்துக்கொண்டது. பில்லை பேங்குக்கு விற்றுவிட்டோம், கதை முடிந்தது என்று பலரும் நினைப்பதுதான் இந்த அதிர்ச்சிக்கெல்லாம் மூலம். திரும்ப வந்து கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்து பேங்க் பில் வாங்குவதும் உண்டு. அது வேறு வகை ஏற்பாடு, அதற்கு விலையும் கூடுதல். சாதாரண டிஸ்கவுண்ட் வசதியில் கெடு தாண்டும் வரை அந்த 40,000 உங்கள் தலைக்கு மேல்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது மீதி 175. பேங்க் அனுப்பிய டெபிட் நோட்டை எடுத்துப் பாருங்கள். எடுத்த தொகையில் 40,000 போக 175 என்று வருவதால், இரண்டு வரியாகப் பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம்: நோட்டிங் செலவு ஒரு வரி, பேங்கின் சேவைக் கட்டணம் இன்னொரு வரி. நோட்டிங் 150, சேவைக் கட்டணம் 25 என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். உங்கள் நோட்டில் வேறு மாதிரிப் பிரிந்திருந்தால் அந்த எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வழி ஒன்றுதான்.

இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும் என்றால், சட்டம் ஏற்றவரிடமிருந்து வாங்கித் தருவது மூன்றே: பில் தொகை, கெடு நாளிலிருந்து வட்டி, நோட்டிங் செலவு. நோட்டிங் என்பது நோட்டரி பப்ளிக்காக இருக்கும் வழக்கறிஞர் செய்யும் வேலை. பில் மறுக்கப்பட்ட அன்றோ அடுத்த வேலை நாளிலோ அவர் அதை மறுபடியும் காட்டிப் பணம் கேட்டு, கிடைத்த பதிலைக் குறித்துவைப்பார். உள்நாட்டு பில்லுக்கு இது கட்டாயமில்லை. ஆனாலும் பல பேங்குகள் செய்துவிடும். பின்னால் வழக்கு என்று வந்தால், பில் முறையாகக் காட்டப்பட்டது, மறுக்கப்பட்டது என்பதற்கு மூன்றாம் ஆளின் சாட்சி கையில் இருக்கும். அதனால் அந்த 150 காண்டிராக்டர் பேரில் போகும். 25 வெள்ளி பேங்க் தன் வாடிக்கையாளரான உங்களிடம் வாங்கும் கட்டணம். அதைக் காண்டிராக்டர் தரவேண்டும் என்று உங்கள் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, உங்கள் பேங்க் செலவுக் கணக்கில்தான் போக வேண்டும்.

ஆகவே பதிவு இப்படி வரும். விற்றபோது காண்டிராக்டரை 40,000க்கு டெபிட் செய்து விற்பனையைக் கிரெடிட் செய்திருப்பீர்கள். அவர் பில்லில் கையெழுத்திட்டதும் 'வரவேண்டிய பில்' கணக்கை டெபிட் செய்து, அவரைக் கிரெடிட் செய்து, அவர் கணக்கை நேராக்கியிருப்பீர்கள். டிஸ்கவுண்ட் செய்த அன்று பேங்க் 39,400 டெபிட், டிஸ்கவுண்ட் செலவு 600 டெபிட், வரவேண்டிய பில் 40,000 கிரெடிட். அதோடு பில் உங்கள் புத்தகத்தை விட்டுப் போய்விட்டது. இப்போது திரும்பியதற்கு எழுத வேண்டியது ஒரே பதிவு:

காண்டிராக்டர் கணக்கு — டெபிட் 40,150
பேங்க் கட்டணம் — டெபிட் 25
பேங்க் — கிரெடிட் 40,175

இந்த இடத்தில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, காண்டிராக்டர் கணக்குக்குப் பதிலாக 'வரவேண்டிய பில்' கணக்கை மறுபடி டெபிட் செய்வது. கெடு கடந்து மறுக்கப்பட்ட பில்லை இனி வசூலுக்குப் பேங்கில் போட முடியாது. இருப்பது வெறும் கடன். அது ஆளின் பேரில்தான் நிற்க வேண்டும். இரண்டாவது, முன்பு எழுதிய டிஸ்கவுண்ட் பதிவை அப்படியே திருப்பிப்போட்டு 600ஐக் கிரெடிட் செய்வது. அப்படிச் செய்தால் பேங்க் பக்கம் 39,400தான் குறையும். பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்க்கும்போது 775 இடிக்கும். மாதக் கடைசியில் அந்த 775ஐத் தேடித் திண்டாடுபவர்கள் பெரும்பாலும் இந்த வழியில் விழுந்தவர்களே. மூன்றாவது, உடனே வாராக்கடன் என்று எழுதித் தள்ளுவது. பில் திரும்பியது என்பது பணம் வராது என்பதற்குச் சமமில்லை. கெடு அன்று வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கணக்கு மென்பொருள் பயன்படுத்தினால் இன்னொன்றையும் கவனியுங்கள். காசோலை திரும்பியதற்கு இருக்கும் பொத்தானை அழுத்தினால், பழைய ரசீதை 40,000க்கு ரத்து செய்து இன்வாய்சை மறுபடி திறந்துவிடும். 40,000க்கு அது ஒத்துவரலாம். ஆனால் 150 அதில் வராது. அதற்குத் தனியாக வாடிக்கையாளர் டெபிட் நோட் ஒன்று போட வேண்டும். அதைவிட முக்கியம், எந்த வழியில் பதிந்தாலும் அந்தக் கடனின் வயது நவம்பரிலிருந்து தொடங்கக் கூடாது. நவம்பரில் புதிதாகப் பிறந்த கடன்போல் வயதுப் பட்டியலில் 'முப்பது நாளுக்குள்' என்ற பத்தியில் உட்கார்ந்துவிட்டால், அதைப் பார்க்கும் முதலாளி இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்து, அதே ஆளுக்கு மறுபடியும் உர மூட்டை ஏற்றிவிடுவார். பழைய இன்வாய்ஸ் தேதியையே வைத்து, பக்கத்தில் 'பில் மறுப்பு' என்று குறித்து வையுங்கள்.

இனி நான் முன்னால் சொன்ன மூன்று விஷயங்கள். கணக்குப் பதிவைவிட இது அவசரம், ஏனென்றால் இதில் நாள் ஓடுகிறது.

பேங்கிடமிருந்து பில்லின் அசல் தாளைக் கேட்டு வாங்குங்கள். டெபிட் நோட் மட்டும் கொடுத்து அனுப்பினால் போதாது. உங்கள் கணக்கில் முழுத் தொகையும் எடுத்தாகிவிட்டது என்றால் பில் மறுபடி உங்களுடையது. அந்தத் தாள் கையில் இல்லாமல் அதை வைத்து நீதிமன்றம் போக முடியாது. தாளைப் பார்த்தால் முகப்பின் குறுக்கே காண்டிராக்டரின் ஏற்புக் கையெழுத்து இருக்கும். நோட்டிங் செய்திருந்தால் ஓரத்தில் சின்னச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதில் தேதி, செலவு, கிடைத்த பதில், நோட்டரியின் சுருக்கொப்பம் இருக்கும்.

முதலில் தேதி. பில் எந்த நாளில் பணத்துக்குக் காட்டப்பட்டது? கெடு அன்றே காட்ட வேண்டும். பேங்க் ஊழியர் தவறிப்போய் இரண்டு நாள் கழித்துக் காட்டியிருந்தால், உரிய நாளில் காட்டாத காரணத்தால் பில் எழுதியவர் என்ற முறையில் நீங்கள் பொறுப்பிலிருந்து விடுபடலாம். அதாவது உங்கள் கணக்கில் கை வைத்ததையே கேள்வி கேட்கலாம். கெடு என்று என்பதில் தகராறு வராமல் இருக்க, இனி எழுதும் பில்களில் 'இத்தனை நாள் கழித்து' என்று எழுதாமல் நேராகத் தேதியைப் போடுங்கள், சலுகை நாள் கிடையாது என்றும் ஒரு வரி சேருங்கள்.

அடுத்து இடம். பில்லில் 'இன்ன பேங்கின் இன்ன கிளையில் செலுத்தப்படும்' என்று எழுதியிருந்தால் அங்கேதான் காட்டியிருக்க வேண்டும். காண்டிராக்டரின் கணக்கு கோலகங்சாரில் இருக்க, வேறு ஊர்க் கிளையில் காட்டிவிட்டு 'பணமில்லை' என்று திரும்ப வந்திருந்தால் அது மறுப்பே ஆகாது.

மூன்றாவது, அறிவிப்பு. பில் மறுக்கப்பட்டதை உங்களுக்குத் தெரிவிக்க பேங்குக்கு இருப்பது மிகக் குறைந்த நேரம். ஒரே ஊர் என்றால் மறுநாளே உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். ஈப்போவும் சுங்கை சிப்புட்டும்போல் வேறு வேறு ஊர் என்றால் மறுநாளே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாமல் ஒரு வாரம் கிடப்பில் போட்டிருந்தால் நீங்கள் விடுபடுகிறீர்கள். ஏற்றவரான காண்டிராக்டருக்கு இந்த அறிவிப்பு தேவையே இல்லை, அவர் பொறுப்பு அப்படியே நிற்கும். ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. டிஸ்கவுண்ட் வசதி எடுக்கும்போது முதலாளி கையெழுத்திட்ட பேங்க் கடிதத்தில், 'மறுப்பு அறிவிப்பு தேவையில்லை' என்று எழுதியிருக்கலாம். இப்படி எழுதிவாங்குவது வழக்கத்தில் உண்டு, சட்டமும் அதை அனுமதிக்கிறது. ஆகவே பேங்கோடு வாதம் செய்யப் போவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து முழுக்கப் படியுங்கள். உங்கள் பில்லின் பின்னால் உங்களுக்கு முன்பே வேறு யாராவது கையெழுத்திட்டிருந்து, அவரிடமும் பணம் கேட்க நினைத்தால், உங்களுக்கு அறிவிப்பு கிடைத்த மறுநாளே அவருக்குக் கடிதம் போய்விட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பில்லோடு சேர்த்துக் குத்திவையுங்கள்.

சீட்டில் எழுதியிருக்கும் பதிலையும் சும்மா விட்டுவிடாதீர்கள். 'பணம் போதவில்லை' என்றால் காண்டிராக்டருக்குக் கைநெருக்கடி. தோட்டத்து வேலைக்கான பணம் மாதக் கணக்கு முடிந்து, நிர்வாகம் சரிபார்த்து, அதன் பிறகே அவர் கைக்கு வரும். கெடுவை மாதத் தொடக்கத்தில் வைத்தால் அவர் கணக்கு காலியாக இருக்கும் நாளில் போய் விழுந்துவிடும். உங்கள் நவம்பர் 3 அப்படி விழுந்ததா என்று விசாரியுங்கள். பத்து நாள் தள்ளி வைத்திருந்தால் பில்லுக்குப் பணம் கிடைத்திருக்கவும் கூடும். 'கையெழுத்து ஒத்துவரவில்லை' என்றோ 'அதிகாரம் இல்லை' என்றோ இருந்தால் அது வேறு மாதிரியான சிக்கல். கம்பெனி பேரில் எழுதிய பில்லில் கம்பெனி முத்திரையோ பதவியோ இல்லாமல் வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால், ஏற்றது கம்பெனியா தனி ஆளா என்ற கேள்வியே எழும். அப்படிப்பட்ட பில்லை நேரே வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பெரும்பாலும் அடுத்து நடப்பது என்னவென்றால், காண்டிராக்டர் கடைக்கு வந்து, "கொஞ்சம் பொறுங்க அண்ணே, பாதி இப்ப தர்றேன்" என்பார். இதை எப்படிச் செய்வது என்று கணக்கோடு காட்டுகிறேன்.

நவம்பர் 10ஆம் தேதி அவர் 10,150 ரொக்கமாகக் கட்டுகிறார் என்று வையுங்கள். மீதி 30,000. அதற்குப் புதிய பில், கெடு ஜனவரி 22. இடையில் 73 நாள். ஆண்டுக்கு எட்டு விழுக்காடு வட்டி பேசினால் 30,000க்கு 480 வருகிறது. புதிய பில் 30,480க்கு எழுத வேண்டும். பதிவில் முதலில் வட்டியைக் காண்டிராக்டர் பேரில் 480 டெபிட் செய்து, வட்டி வருமானத்தைக் கிரெடிட் செய்யுங்கள். பிறகு ரொக்கம் 10,150 டெபிட், வரவேண்டிய பில் 30,480 டெபிட், இரண்டுக்கும் சேர்த்துக் காண்டிராக்டர் 40,630 கிரெடிட். அவர் கணக்கில் டெபிட் பக்கம் 40,150ம் 480ம் சேர்ந்து 40,630. இரண்டு பக்கமும் சரியாக நேராகும். இந்தக் கணக்கு நேராகவில்லை என்றால் 480ஐப் பேரில் ஏற்ற மறந்திருப்பீர்கள், அல்லது 25ஐ அவர் தலையில் ஏற்றியிருப்பீர்கள்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். புதிய பில்லில் நீங்கள் வாங்கும் 480 நியாயமானது, முதலாளி கேட்ட 600 நியாயமில்லாதது. வித்தியாசம் என்ன? 600 கெடுவுக்கு முன்னால் இருந்த காலத்துக்கான விலை. அது நீங்கள் பேங்கிடம் வாங்கிய வசதிக்கு. 480 கெடுவுக்குப் பிறகு காண்டிராக்டர் உங்களிடம் வாங்கும் வசதிக்கு. முதலாளியின் மனம் ஆற வேண்டும் என்றால் வட்டி விழுக்காட்டில் பேசிக்கொள்ளட்டும். பழைய செலவைப் பெயர் மாற்றிச் சேர்க்க வேண்டாம். அப்படிச் சேர்த்த தொகையைக் காண்டிராக்டர் பின்னால் மறுத்தால், மொத்தக் கணக்கின் மேலேயே சந்தேகம் விழும்.

புதிய பில் வாங்கும்போது பழைய பில்லை உடனே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். கால அவகாசம் கொடுத்ததால் பழைய பில் மேல் வழக்குப் போடும் உரிமை புதிய பில்லின் கெடு வரை நின்றிருக்கும். புதியதும் மறுக்கப்பட்டால் அது மீண்டும் உயிர்பெறும். பழைய தாள் உங்களிடமே இருக்கும், பணம் முழுதும் வந்த பிறகே திருப்பித் தரப்படும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். இந்தப் புதிய பில்லை மறுபடி டிஸ்கவுண்ட் செய்ய நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை திரும்பிய ஆளின் பில்லைப் பேங்கும் விரும்பி எடுக்காது. எடுத்தாலும் ஜனவரியில் இதே நாடகம் உங்கள் கணக்கில்தான் நடக்கும்.

பில்லைவிட உறுதியான பிடி வேண்டும் என்றால் இன்னொரு வழி உண்டு. காண்டிராக்டருக்குத் தோட்ட நிர்வாகம் தரவேண்டிய வேலைப் பணத்தை உங்கள் பேருக்கு எழுதித் தரச் சொல்லலாம். 1956ஆம் ஆண்டின் சிவில் லா சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், நிபந்தனை இல்லாத முழு மாற்றமாக இருக்க வேண்டும், தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்பும் போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பணத்தைத் தோட்டத்திடம் நேரடியாகக் கேட்க உங்களுக்கு உரிமை வரும். தோட்ட ஒப்பந்தத்தில் இப்படி மாற்றிக் கொடுக்கத் தடை இருந்தால் முடியாது. ஆகவே அந்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். தோட்டத்துக் கிராணி "சரி சரி, பார்த்துக்கிறோம்" என்று வாய்வார்த்தையில் சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

காண்டிராக்டர் வரவே இல்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை என்றால் நீதிமன்றம்தான். 40,150 என்பது ஒரு லட்சத்துக்குள் இருப்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போடலாம். உரக் கடன் என்று போடுவதைவிடப் பில் பேரில் போடுவதில் ஒரு பலன் இருக்கிறது. ஏற்றுக் கையெழுத்திட்ட பில்லை நீதிமன்றம் ஏறக்குறைய ரொக்கத்துக்குச் சமமாகப் பார்க்கும். முழு விசாரணை இல்லாமல் சுருக்கத் தீர்ப்பு கேட்கவும் வசதி உண்டு. 'உரம் சரியில்லை, அதனால் தரமாட்டேன்' என்று வாய்ப்பேச்சாகச் சொல்வது அங்கே அவ்வளவாக எடுபடாது. ஆனாலும் உரம் இறக்கிய ரசீதில் தோட்டத்து ஆள் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வையுங்கள். சரக்கே வந்து சேரவில்லை என்று அவர் சொன்னால் அந்தத் தாள்தான் பேசும். தீபகற்பத்தில் பில் பேரில் வழக்குப் போட கெடு நாளிலிருந்து ஆறு ஆண்டு வரை காலம் இருக்கிறது. அதை நம்பித் தூங்க வேண்டாம், காண்டிராக்டரின் சொத்து அதுவரை காத்திருக்காது.

உங்கள் கடை செண்டிரியான் பெர்ஹாட்டாக இருந்தால் ஆடிட்டர் ஒன்று கேட்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே நான் காட்டியது பழைய பாடப்புத்தக முறை. டிஸ்கவுண்ட் செய்த அன்றே பில்லைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு, 'திரும்பினால் வரக்கூடிய பொறுப்பு' என்று ஆண்டறிக்கையின் குறிப்பில் ஒரு வரி போடுவது அந்த முறை. தனியார் நிறுவனங்களுக்கான எம்.பி.இ.ஆர்.எஸ். முறை அப்படிப் பார்ப்பதில்லை. பேங்க் திரும்ப வந்து உங்களிடம் கேட்க முடியும் என்றால் ஆபத்து இன்னும் உங்களிடமே இருக்கிறது. அப்படியானால் பில் உங்கள் சொத்தாகவே நிற்கும், பேங்க் கொடுத்தது கடனாக நிற்கும். ஆண்டு முடிவு டிசம்பர் என்றால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அதற்குள் கெடு முடிந்துவிட்டது. ஆண்டு முடிவு செப்டம்பர் 30 என்றால் இடிக்கும். அன்று வரவேண்டிய பில் 40,000 ஒரு பக்கம், பேங்க் கடன் இன்னொரு பக்கம் இருக்க வேண்டும். 600 வட்டியில் ஆகஸ்ட் 22லிருந்து அதுவரையான 39 நாளுக்கு உரிய 320.55 மட்டுமே அந்த ஆண்டுச் செலவு, மீதி 279.45 அடுத்த ஆண்டுக்கு. நவம்பரில் பில் திரும்பும்போது கடன் 40,000ஐ டெபிட் செய்து பேங்கைக் கிரெடிட் செய்ய வேண்டும், பில்லைக் காண்டிராக்டர் பேருக்கு மாற்ற வேண்டும். 150ம் 25ம் மேலே சொன்ன இடங்களிலேயே போகும். காண்டிராக்டர் பேரில் கடைசியில் நிற்கும் தொகை எந்த முறையிலும் அதே 40,150தான். செப்டம்பரில் அந்த பில் புத்தகத்தில் இல்லை, குறிப்பிலும் இல்லை என்றால், நவம்பரில் திடீரென்று 40,000 கடன் முளைத்தது எங்கிருந்து என்று ஆடிட்டர் கேட்பார். அப்போது காட்ட பேங்கின் வசதிக் கடிதத்தையும் டிஸ்கவுண்ட் சீட்டையும் இப்போதே அந்த பில்லோடு ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள்.